தேடிய சொல்லைச் சொல்லுங்கள்

வயிற்றுப்போக்கோடு ஒரு குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு ஜிங்க் மாத்திரையும் தருகிறார்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதென்றால் அதில் பாதி. போக்கு நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் கூட்டாக வெளியிட்ட பரிந்துரை இதற்கு அடிப்படை.

அந்த மாத்திரை உண்மையில் எவ்வளவு உதவுகிறது? காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஒரு முறைசார் மீளாய்வு இதற்குப் பதில் தேடியது. 33 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 10,841 குழந்தைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போக்கு ஏறத்தாழ அரை நாள் முன்னதாக நிற்கலாம் என்றும், ஆறு மாதத்துக்குக் கீழே பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வாந்தி கூடுவதையும் பதிவு செய்தது.

இதைப் படிக்கும்போது என் மனம் 33 என்ற எண்ணில்தான் நிற்கும். ஏன் 33? ஏன் 20 இல்லை, ஏன் 50 இல்லை? உலகம் முழுவதும் வெளியான ஆய்வுகளில் எவை உள்ளே வந்தன, எவை வாசலிலேயே நின்றுவிட்டன என்பதைப் பொறுத்துத்தான் அந்த அரை நாள் கணக்கும் அமைகிறது. இதற்கான விடை கட்டுரையின் முடிவுரையில் இருக்காது. பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போகும் ஆய்வுமுறைப் பகுதியில்தான் இருக்கும். எந்தச் சொற்களைக் கொண்டு எங்கே தேடினார்கள், எந்த விதியின்படி சேர்த்தார்கள் என்று எழுதிவைக்கும் இடம் அது.

மருத்துவ முதுநிலை மாணவர்கள் எழுதும் மீளாய்வுகளைத் திருத்திக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. இதே ஜிங்க் கேள்வியை எடுத்துக்கொண்ட ஒரு மாணவி கொண்டுவந்த வரைவில் ஆய்வுமுறை இப்படி இருந்தது: “பப்மெட், கூகுள் ஸ்காலர் ஆகிய தளங்களில் ஜிங்க், வயிற்றுப்போக்கு, குழந்தைகள் ஆகிய சொற்களைக் கொண்டு தேடினோம். தொடர்புடைய, தரமான ஆய்வுகளைச் சேர்த்துக்கொண்டோம்.”

அந்தப் பெண் மாதக்கணக்கில் உழைத்திருந்தாள். நூற்றுக்கணக்கான சுருக்கங்களைப் படித்து, குறிப்பெடுத்து, கழித்திருந்தாள். அவ்வளவு உழைப்பையும் இந்த இரண்டு வாக்கியங்கள் மூடி மறைத்துவிட்டன. “இந்த வரிகளை மட்டும் கையில் கொடுத்து உன் ஜூனியரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தால், உனக்குக் கிடைத்த அதே ஆய்வுகள் அவனுக்கும் கிடைக்குமா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கிடைக்காது சார்” என்றாள். அவளுடைய அந்த வாக்கியங்களைத்தான் இங்கே ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்க்கப்போகிறேன்.

முதலில், தேடிய சொற்கள். டெல்லியில் 937 குழந்தைகளிடம் நடந்த ஒரு முக்கியமான ஜிங்க் ஆய்வு 1995-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. அதன் தலைப்பில் வயிற்றுப்போக்கு `diarrhea` என்று அமெரிக்க எழுத்தில் இருக்கிறது. வங்கதேசத்தில் நடந்த இன்னொரு முக்கியமான ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அதன் தலைப்பில் அதே சொல் `diarrhoea`. நடுவில் ஓர் `o`, அவ்வளவுதான். தலைப்பிலும் சுருக்கத்திலும் உள்ள எழுத்தை அப்படியே தேடும் ஒருவர், ஒரே ஒரு எழுத்துமுறையைப் பயன்படுத்தினால் இரண்டில் ஒன்றைத் தவறவிட வாய்ப்பு உண்டு. “வயிற்றுப்போக்கு என்ற சொல்லைக் கொண்டு தேடினோம்” என்று எழுதினால், எந்த எழுத்தில் தேடினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

“பப்மெட்டே அதைச் சரிசெய்துகொள்ளுமே சார்” என்றாள் மாணவி. உண்மைதான். வெறும் சொல்லைத் தட்டினால் பப்மெட் தானாகவே அதை விரித்து, தொடர்புள்ள தலைப்புச் சொற்களையும் மாற்று எழுத்துகளையும் சேர்த்துத் தேடும். அப்படியென்றால் தேடியது நீங்கள் தட்டிய சொல் அல்ல, பப்மெட் விரித்துக்கொண்ட நீண்ட வரி. மேம்பட்ட தேடல் பக்கத்தின் வரலாற்றுப் பட்டியலில் `Details` என்பதை விரித்தால் அந்த வரி தெரியும். அறிக்கையில் போக வேண்டியது அந்த வரிதான். இந்தத் தானியங்கி விரிவு காலப்போக்கில் மாறக்கூடியது என்பதால், அதை நம்பாமல் வரியை நாமே கட்டுவது இன்னும் நல்லது. நாங்கள் கட்டிய வரிகள் இவை:

```
#1 "Zinc"[Mesh] OR "Zinc Compounds"[Mesh] OR zinc[tiab]
#2 "Diarrhea"[Mesh] OR "Dysentery"[Mesh] OR diarrh*[tiab]
   OR dysenter*[tiab] OR gastroenteritis[tiab]
#3 randomized controlled trial[pt] OR controlled clinical trial[pt]
   OR randomized[tiab] OR randomised[tiab] OR placebo[tiab]
   OR randomly[tiab] OR trial[ti]
#4 #1 AND #2 AND #3
#5 #4 NOT (animals[mh] NOT humans[mh])
```

பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் இதன் உள்ளமைப்பு எளிது. ஒரே பொருளைக் குறிக்கும் பல சொற்களை `OR` கோத்து ஒரு வரியாக்குகிறது. ஜிங்க் ஒரு வரி, வயிற்றுப்போக்கு ஒரு வரி, ஆய்வு வகை ஒரு வரி. மூன்று வரிகளிலும் இடம்பெறும் கட்டுரை மட்டுமே வேண்டும் என்பதை `AND` சொல்கிறது. `[Mesh]` என்பது ஒரு கட்டுரை எதைப் பற்றியது என்று மருத்துவ நூலகம் ஒட்டிவைக்கும் தலைப்புச் சொல். `[tiab]` என்பது ஆசிரியர்களே தலைப்பிலும் சுருக்கத்திலும் எழுதிய சொல். இரண்டும் வேண்டும். புதிதாக வந்த கட்டுரைக்குத் தலைப்புச் சொல் இன்னும் ஒட்டப்படாமல் இருக்கலாம். பழைய கட்டுரை நாம் நினைக்காத வார்த்தையில் எழுதப்பட்டிருக்கலாம். `diarrh*` என்று போட்டு உடுக்குறி வைத்தால் அமெரிக்க எழுத்து, பிரிட்டிஷ் எழுத்து இரண்டும் ஒரே வலையில் விழும்.

ஐந்தாவது வரி எதற்கு என்று பலர் கேட்பார்கள். பாலூட்டல் நிறுத்திய பன்றிக்குட்டிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க ஜிங்க் ஆக்சைடை அதிக அளவில் தீவனத்தில் கலப்பது பல நாடுகளில் நெடுநாள் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் அதன் மருந்துப் பயன்பாட்டை 2022 ஜூனில் நிறுத்தியது. இதைப் பற்றிய ஆய்வுகளும் ஏராளம், அவற்றிலும் குலுக்கல் முறை உண்டு, ஜிங்க்கும் வயிற்றுப்போக்கும் உண்டு. அவற்றைத் தள்ளுவதற்காக `NOT animals[mh]` என்று மட்டும் எழுதிவிட்டால் ஆபத்து. விலங்கு, மனிதர் என இரண்டு தலைப்புச் சொற்களும் ஒட்டப்பட்ட கட்டுரைகளும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் அடைப்புக்குள் இன்னொரு `NOT`: விலங்கு மட்டும் உள்ளதை நீக்கு, மனிதரும் இருந்தால் விட்டுவிடு.

அடைப்புக்குறியின் அருமை தெரிய வேண்டுமானால் இதைப் பாருங்கள்:

```
zinc AND diarrhea OR dysentery
```

பப்மெட் இடமிருந்து வலமாகப் படிக்கும். முதலில் ஜிங்க்கும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தவற்றை எடுக்கும். பிறகு, ஜிங்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சீதபேதி பற்றிய எல்லாக் கட்டுரைகளையும் அதில் கொட்டும். ஆயிரக்கணக்கில் வேண்டாதவை வந்து விழும். கடைசி இரண்டு சொற்களையும் அடைப்புக்குள் வைத்தால் சிக்கல் தீர்ந்தது. கட்டுரையில் “இந்த மூன்று சொற்களைக் கொண்டு தேடினோம்” என்று மட்டும் எழுதினால், அடைப்பு இருந்ததா இல்லையா என்பதை வாசகர் ஒருபோதும் அறிய முடியாது.

நம் வரிகளில் ‘குழந்தை’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மாணவி இதை ஒத்துக்கொள்ளவே நாளானது. கேள்வி குழந்தைகளைப் பற்றியதுதான். ஆனால் ஒவ்வொரு `AND`-ம் ஒரு சல்லடை. கைக்குழந்தை, ஐந்து வயதுக்குட்பட்டோர், நோயாளிகள் என்று ஆசிரியர்கள் எப்படி எப்படியோ எழுதுவார்கள், சிலர் சுருக்கத்தில் வயதையே குறிப்பிட மாட்டார்கள். ஜிங்க், வயிற்றுப்போக்கு, ஆய்வு வகை என்ற மூன்று சல்லடைகளிலேயே கையால் படிக்கக்கூடிய அளவுக்குக் குவியல் இறங்கிவிடுகிறது என்றால், வயதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதே பாதுகாப்பு. தேடலின் வலை அகலமாக இருக்க வேண்டும், சேர்க்கும் விதி இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

வலையில் ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. கட்டாயம் அகப்பட வேண்டும் என்று முன்பே தெரிந்த பத்து ஆய்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி ஆய்வும் வங்கதேச ஆய்வும் அதில் இருக்கட்டும். பப்மெட் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் எண் தருகிறது. அந்த எண்களை `OR` போட்டுக் கோத்து, அடைப்புக்குள் வைத்து, பின்னால் `NOT #5` என்று சேர்த்துத் தேடுங்கள். விடை பூஜ்யமாக வந்தால் பத்தும் வலைக்குள் இருக்கின்றன. ஒன்று வெளியே வந்து விழுந்தால் அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து, எந்தச் சொல் விட்டுப்போனது என்று பார்த்து, வரியைத் திருத்துங்கள். இந்தச் சோதனையைச் செய்ததையும் ஆய்வுமுறையில் ஒரு வாக்கியமாக எழுதலாம், எழுத வேண்டும் என்பது என் கருத்து.

தேடிய நாளையும் இடத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் கடைசியாகத் தேடிய நாளைக் குறிக்க வேண்டும். பப்மெட்டுக்குக் கட்டிய வரி எம்பேஸில் அப்படியே ஓடாது, அங்கே தலைப்புச் சொற்கள் வேறு. ஆகவே ஒவ்வொன்றுக்குமான முழு வரியும் பின்னிணைப்பில் வர வேண்டும். மீளாய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா நெறிமுறை, 2009-இல் ஒரு தரவுத்தளத்தின் வரியாவது வேண்டும் என்றுதான் கேட்டது. 2021-இல் வெளியான பிரிஸ்மா 2020 எல்லாத் தரவுத்தளங்களின் வரிகளையும், போட்ட வடிகட்டிகளையும் முழுமையாகக் கேட்கிறது. கூகுள் ஸ்காலர் ஒரு தேடலுக்கு ஆயிரம் முடிவுகளுக்கு மேல் காட்டாது. அதைப் பயன்படுத்தினால், எந்த நாளில் எந்த வரியைப் போட்டு முதல் எத்தனை முடிவுகளைப் பார்த்தீர்கள் என்று எழுதுவதே நேர்மை.

இனி மாணவியின் இரண்டாவது வாக்கியம்: “தொடர்புடைய, தரமான ஆய்வுகளைச் சேர்த்துக்கொண்டோம்.” இதில் எனக்கு உண்மையான கவலை உண்டு. தொடர்புடையது எது என்பது எழுதியவரின் மனதில் இருக்கிறது. மனதில் இருக்கும் விதி, முடிவுகளைப் பார்த்த பிறகு தன்னையறியாமல் வளையும். பிடித்த முடிவைச் சொல்லும் ஆய்வு ‘தொடர்புடையது’ ஆகிவிடும், பிடிக்காதது ‘தரமற்றது’ ஆகிவிடும். தரத்தை வாசலில் வைத்து வடிகட்டுவதைவிட, ஆய்வை உள்ளே விட்டுவிட்டு அதன் குறைகளைத் தனியாக மதிப்பிட்டு வாசகருக்குக் காட்டுவதுதான் முறை.

வயதிலிருந்து தொடங்கினோம். ‘குழந்தைகள்’ என்றால் யார்? ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரை என்று வரையறுத்தாள். உடனே ஒரு கேள்வி: ஒரு மாதம் முதல் பத்து வயது வரையுள்ளவர்களைச் சேர்த்த ஆய்வு வந்தால்? அப்படிப்பட்டது வரும் என்று முன்பே எதிர்பார்த்து விதி எழுத வேண்டும். “ஐந்து வயதுக்குட்பட்டோரின் முடிவுகள் தனியாகத் தரப்பட்டிருந்தால், அல்லது ஆசிரியர்களிடம் கேட்டுப் பெற முடிந்தால் சேர்ப்போம், இல்லையெனில் விலக்குவோம்” என்று எழுதினோம். ஆறு மாதத்துக்குக் கீழே, அதற்கு மேலே என்று பிரித்துப் பார்ப்போம் என்பதையும் முன்கூட்டியே அறிவித்தோம். அந்தக் கோடு எவ்வளவு முக்கியம் என்பது தொடக்கத்தில் சொன்ன முடிவிலிருந்து தெரியும். இரண்டு வயதினரையும் கலந்து ஒரே சராசரி எடுத்தால், கைக்குழந்தைக்குப் பலன் இல்லை என்ற செய்தி மறைந்துவிடும்.

அடுத்தது மருந்து. மாணவி முதலில் எழுதியது: “ஜிங்க் மட்டும் கொடுக்கப்பட்ட ஆய்வுகள்.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டெல்லி ஆய்வில் எல்லாக் குழந்தைகளுக்குமே ஓ.ஆர்.எஸ்.ஸும் வைட்டமின்களும் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் ஜிங்க் கூடுதல். அவள் எழுதிய விதியை எழுத்துப்படி பின்பற்றினால், துறையின் முக்கியமான ஆய்வுகளில் ஒன்றை வெளியே தள்ள வேண்டும். அவள் அதைச் சேர்த்துத்தான் இருந்தாள், ஆக எழுதிய விதி ஒன்று, நடந்துகொண்ட விதி வேறொன்று. “இரு பிரிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஜிங்க் மட்டுமே என்ற ஆய்வுகள்” என்று மாற்றினோம். ஒரு சொல் இடம் மாறியதும் விதி சரியாகிவிட்டது.

அளவும் அப்படித்தான். 20 மில்லிகிராம் என்றால் எதில்? அது தனிம ஜிங்க்கின் அளவா, உப்பின் எடையா? வழக்கமான ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டில் தனிம ஜிங்க் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 20 மில்லிகிராம் ஜிங்க் பெற அந்த உப்பு ஏறத்தாழ 88 மில்லிகிராம் வேண்டும். விதியில் ‘தனிம ஜிங்க்’ என்று எழுதாவிட்டால், ஆய்வுகளைப் பிரிக்கும்போது ஆளுக்கொரு கணக்கு போடுவார்கள்.

ஆய்வு வகையிலும் ஒரு கண்ணி இருந்தது. “குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வுகள்” என்று எழுதியிருந்தாள். வங்கதேச ஆய்வில் குலுக்கியது குழந்தைகளை அல்ல, பகுதிகளை. ஒரு பகுதி முழுவதும் ஜிங்க், இன்னொரு பகுதியில் இல்லை. இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது ஆராய்ச்சியாளரின் முடிவு, இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். முடிவு எதுவானாலும் அது விதியில் எழுத்தாக இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் பலர் தடுக்கிவிழும் இடம் ஒன்று உண்டு. “போக்கு எத்தனை நாள் நீடித்தது என்று தெரிவித்த ஆய்வுகள்” என்பதைச் சேர்க்கும் விதியாக வைப்பது இயல்பாகத் தோன்றும், அந்த எண்தானே நமக்கு வேண்டும். ஆனால் நாட்களை அளந்துவிட்டு, பலன் தெரியாததால் அதை வெளியிடாமல் விட்ட ஆய்வு இருந்தால்? நம் விதி அதைச் சுவடில்லாமல் அழித்துவிடும், பலன் கண்டவை மட்டும் மிஞ்சும். வாந்தியை மட்டும் தெரிவித்த ஆய்வும் போய்விடும். ஆகவே யார், எந்த மருந்து, எதோடு ஒப்பிட்டு, எந்த வகை ஆய்வு என்ற நான்கும்தான் விதியில் வர வேண்டும். எதை அளந்தார்கள் என்பதைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் அந்தப் பகுதி இப்படி மாறியது: “மெட்லைன் (பப்மெட் வழியாக), எம்பேஸ், சென்ட்ரல் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்து தேடினோம். ஒவ்வொன்றிலும் கடைசியாகத் தேடிய நாளும் முழுத் தேடல் வரிகளும் பின்னிணைப்பில் உள்ளன. மொழி, ஆண்டு வரம்பு இல்லை. ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள, நாளுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நீர்த்த மலம் கழித்த குழந்தைகளிடம், எந்த ஜிங்க் உப்பையும் எந்த அளவிலும் வாய்வழி கொடுத்து, ஜிங்க் இல்லாத பிரிவோடு ஒப்பிட்ட, தனிநபராகவோ பகுதியாகவோ குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வுகளைச் சேர்த்தோம். பிற சிகிச்சைகள் இரு பிரிவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நலமான குழந்தைகளுக்கு நோய் வராமல் தடுக்க ஜிங்க் கொடுத்த ஆய்வுகளை விலக்கினோம். இருவர் தனித்தனியாகப் படித்துத் தேர்ந்தெடுத்தோம், கருத்து வேறுபட்டபோது மூன்றாமவர் முடிவு செய்தார். முழுக் கட்டுரையைப் படித்த பின் விலக்கிய ஒவ்வொன்றுக்கும் காரணம் பட்டியலில் உள்ளது.”

முன்பு இரண்டு வரி, இப்போது ஒரு பத்தி. இதில் எழுதாமல் விட முடியாத இன்னொரு வாக்கியமும் சேர்ந்தது. வேலை தொடங்கும் முன் திட்டத்தை யார்க் பல்கலைக்கழகம் நடத்தும் பிராஸ்பெரோ பதிவேட்டில் அவள் பதிந்திருந்தாள். அதில் மேல்வயது வரம்பு மூன்று ஆண்டு. பாதியில் அதை ஐந்தாக உயர்த்தியிருக்கிறாள். “இதைச் சொன்னால் தப்பாக நினைப்பார்களா சார்?” என்று தயங்கினாள். எப்போது, எந்தக் கட்டத்தில், என்ன காரணத்துக்காக மாற்றினாய் என்பதை அப்படியே எழுது என்றேன். மாற்றுவது தவறில்லை. பதிவேடு யாரும் திறந்து பார்க்கும் இடத்தில் இருக்கிறது, மாற்றத்தை மறைத்தால்தான் கேள்வி வரும்.

பப்மெட்டுக்குக் கட்டணம் இல்லை, கடவுச்சொல்லும் வேண்டாம். அடுத்த முறை ஒரு மருந்தையோ உணவையோ பற்றி “பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில்” என்று தொடங்கும் செய்தியைப் படித்தால், அந்த மூலக் கட்டுரையின் பின்னிணைப்பைத் திறந்து தேடல் வரிகளைப் பப்மெட்டில் ஒட்டிப் பாருங்கள். அவர்கள் சொன்ன எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். ஒட்டுவதற்கு அங்கே வரியே இல்லையென்றால், அந்த முடிவை இப்போதைக்கு நம்பாதீர்கள்.